ஹால் டிவிக்கு மினி பிசி: சாவகாசமாக ஆட இன்டகிரேட்டட் கிராஃபிக்ஸ் போதுமா?

தாழ்வாரம் · நவம்பர் 3, இரவு 9:12

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஹால் டிவிக்கென்று ஒரு மினி பிசி வாங்கி ஐந்து நாள் ஆகிறது. உள்ளே ரைசன் 7 8845எச்எஸ், அதோடு சேர்ந்த ரேடியான் 780எம் கிராஃபிக்ஸ், 16 ஜிபி டிடிஆர்5 ரேம். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. டிவி 55 அங்குல 4கே.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வேலை முடிந்து சோஃபாவில் சாய்ந்து, கன்ட்ரோலரைக் கையில் எடுத்து, ஒரு மணி நேரம் ஆட வேண்டும். பெரும்பாலும் நானும் மனைவியும் சேர்ந்து ஆடும் ஆட்டங்கள்தான். ஆன்லைன் போட்டி எதுவும் இல்லை. இப்போது ஆடுவது இட் டேக்ஸ் டூ. திரை இரண்டாகப் பிரிந்து ஆளுக்குப் பாதி.

4கே-யில் வைத்தால் ஆட்டம் படம் படமாக நகர்கிறது, 15 ஃபிரேம்கூட வரவில்லை. சரி, 4கே அதிகப்படியான ஆசை என்று 1080பி-க்கு இறக்கினேன். அப்போதும் 38 ஃபிரேம், திரையில் கூட்டம் சேர்ந்தால் 30. இதே சிப்பில் இதே ஆட்டம் 1080பி-யில் 60-ஐ ஒட்டி ஓடுவதை வீடியோக்களில் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். விசிறிச் சத்தம் வேறு, வசனத்தை மூழ்கடிக்கிறது.

திருப்பிக் கொடுக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இன்டகிரேட்டட் கிராஃபிக்ஸே இந்த வேலைக்கு ஆகாதா, இல்லை நான் எதையாவது கவனிக்காமல் விட்டேனா?

பழைய ரீல் · நவம்பர் 3, இரவு 9:40

என்னிடம் இருப்பது இன்டெல் என்100 போட்ட பெட்டி. உங்களுடையதில் கால்வாசி பலம்கூட இருக்காது. இரண்டு வருடமாக 4கே படங்கள் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடுகின்றன, விசிறிச் சத்தமே கேட்காது. உங்கள் பெட்டியில் ஏதோ பழுது. யோசிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சாலிடர் · நவம்பர் 3, இரவு 10:05

ரீல், படம் ஓடுவது வேறு கணக்கு. வீடியோவை விரித்துக் காட்ட சிப்புக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கிறது, அந்த ஒரு வேலைக்கென்றே செய்தது. என்100-இலும் அது நன்றாகவே இருக்கிறது. ஆட்டத்தில் ஒவ்வொரு ஃபிரேமையும் புதிதாக வரைய வேண்டும். 4கே படம் ஓடுகிறது என்பதை வைத்து ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

தாழ்வாரம், அந்த 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா, இரண்டு எட்டா? பெட்டியைத் திறக்க வேண்டாம். பவர்ஷெல்லில் இதைப் போடுங்கள்:

```
Get-CimInstance Win32_PhysicalMemory |
  Select-Object DeviceLocator, Capacity, ConfiguredClockSpeed
```

எத்தனை வரி வருகிறது என்று சொல்லுங்கள்.

தாழ்வாரம் · நவம்பர் 3, இரவு 10:21

ஒரே வரி. வேகம் 5600. Task Manager-இல் Memory பக்கத்திலும் `Slots used: 1 of 2` என்றுதான் இருக்கிறது. பெட்டி மேல் "16 ஜிபி" என்று மட்டும் போட்டிருந்தார்கள், எத்தனை ஸ்டிக் என்று எங்கும் சொல்லவில்லை. ஆனால் ஆட்டம் ஓடும்போது மெமரி 11 ஜிபி-க்கு மேல் போகவே இல்லையே. இடம் மிச்சம் இருக்கும்போது இன்னொரு ஸ்டிக் எதற்கு?

வேகமானி · நவம்பர் 4, காலை 7:50

ஒரு ஸ்டிக் பிரச்சினையெல்லாம் டிடிஆர்4 காலத்துக் கதை. டிடிஆர்5-இல் ஒரு ஸ்டிக்குக்குள்ளேயே இரண்டு சேனல் இருக்கிறது. நானும் ஒரே ஸ்டிக்தான் வைத்திருக்கிறேன், CPU-Z-இல் பார்த்தால் `2 x 32-bit` என்று தெளிவாகக் காட்டுகிறது. வீணாகச் செலவழிக்க வேண்டாம்.

பயாஸில் UMA Frame Buffer Size என்று ஒன்று இருக்கும். அதை 8ஜி-க்கு ஏற்றுங்கள். கிராஃபிக்ஸுக்கு மெமரி போதாததுதான் உங்கள் சிக்கல்.

சாலிடர் · நவம்பர் 4, காலை 11:30

வேகமானி சொன்னதில் பாதி சரி. டிடிஆர்5 ஸ்டிக் ஒவ்வொன்றிலும் இரண்டு துணைச் சேனல் இருப்பது உண்மை. ஆனால் அவர் பார்த்த வரியிலேயே விடை இருக்கிறது: ஒவ்வொன்றும் 32 பிட். இரண்டையும் கூட்டினால் 64. டிடிஆர்4-இல் ஒரு ஸ்டிக் ஒரே 64 பிட் பாதை. இதில் அதே அகலத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ரோடு அகலமாகவில்லை. இரண்டாவது ஸ்டிக்கைப் போட்டால்தான் 128 பிட், CPU-Z-இலும் `4 x 32-bit` என்று மாறும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். வேகம் 5600 என்றால் நொடிக்கு 560 கோடி முறை தரவு நகர்கிறது. 64 பிட் என்பது 8 பைட், ஆக நொடிக்கு 44.8 ஜிபி. இரண்டு ஸ்டிக் போட்டால் 89.6. தனி கிராஃபிக்ஸ் கார்டில் அதற்கென்றே மெமரி ஒட்டியிருக்கும். பழைய ஜிடிஎக்ஸ் 1650-இலேயே நொடிக்கு 128 ஜிபி. நம் பெட்டியில் அப்படி எதுவும் இல்லை. பிராசஸரும் கிராஃபிக்ஸும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். உங்கள் பெட்டியில் அந்தக் குழாயும் பாதி மூடிக் கிடக்கிறது.

முதல் ஸ்டீம் டெக்கோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகப் புரியும். அதன் கிராஃபிக்ஸில் 8 கம்ப்யூட் யூனிட், அதற்கு நொடிக்கு 88 ஜிபி. உங்கள் 780எம்-இல் 12 கம்ப்யூட் யூனிட், அதற்கு வருவது 44.8. சமைக்க ஆள் அதிகம், காய் வந்து சேருவதுதான் குறைவு.

ஆகவே "இடம் மிச்சம் இருக்கிறதே" என்ற கேள்விக்குப் பதில்: குறை கொள்ளளவில் இல்லை, பாதையின் அகலத்தில் இருக்கிறது.

இன்னொரு ஸ்டிக் வாங்கும் முன் இதைச் சோதித்தே பார்த்துவிடலாம். Ctrl+Shift+O அழுத்தினால் ஏஎம்டி டிரைவர் திரை மூலையில் எண்களைக் காட்டும். ஆட்டத்தில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு இரண்டு சோதனை செய்யுங்கள். முதலில் 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். ஃபிரேம் ஏறாவிட்டால் பிராசஸர்தான் இழுக்கிறது, ரேமைப் பழி சொல்ல முடியாது. ஏறினால் அடுத்து பயாஸில் மின்சார அளவைக் குறைத்து, கிராஃபிக்ஸ் கிளாக் இறங்கும்போது ஃபிரேமும் கூடவே இறங்குகிறதா என்று பாருங்கள். கிளாக் இறங்கியும் ஃபிரேம் அசையாவிட்டால் கிராஃபிக்ஸ் மெமரிக்காகக் காத்துக் கிடக்கிறது என்று அர்த்தம்.

தாழ்வாரம் · நவம்பர் 4, இரவு 10:48

இரண்டையும் செய்தேன். இட் டேக்ஸ் டூவில் மரத்தடிப் பகுதி, இருவரும் அசையாமல் நின்ற இடம்.

1080பி-யில் 38. 720பி-யில் 63. ஆக பிராசஸர் இல்லை.

பயாஸில் மூன்று நிலை இருக்கிறது. வாங்கும்போதே 65 வாட்டில் வைத்திருக்கிறார்கள். 35-க்கு மாற்றினேன். மூலையில் கிளாக் 2,600-லிருந்து 2,200 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கியது. ஃபிரேம்? அதே 38. மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன், 37-க்கும் 38-க்கும் நடுவிலேயே நின்றது. கிராஃபிக்ஸ் பயன்பாடு மட்டும் இரண்டிலும் 99 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கிறது. அந்த 99-ஐப் பார்த்துத்தான் "பாவம், முழு மூச்சாக உழைக்கிறது, இதற்கு மேல் முடியாது" என்று நினைத்திருந்தேன். காத்திருப்பதையும் அது வேலை என்றே கணக்கில் எடுக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது.

35 வாட்டில் விசிறிச் சத்தம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. ஐந்து நாளாகக் கேட்ட இரைச்சலால் ஒரு ஃபிரேம்கூடக் கூடவில்லை.

இன்னொரு 16 ஜிபி ஸ்டிக்குக்குச் சொல்லிவிட்டேன். அதே 5600, லேப்டாப்புக்குப் போடும் சோடிம் வகை.

தாழ்வாரம் · நவம்பர் 5, மாலை 6:15

ஸ்டிக் வரும்வரை சும்மா இருக்க மனமில்லை. வேகமானி சொன்ன UMA-வையும் பார்த்துவிடலாம் என்று 8ஜி-க்கு ஏற்றினேன். ஃபிரேம் 38-லேயே நின்றது. நடுநடுவே அரை நொடி உறைவது மட்டும் புதிதாகச் சேர்ந்தது. Task Manager-இல் விண்டோஸுக்கு 8 ஜிபி-க்கும் குறைவாகத்தான் மிச்சம் இருந்தது. 512 எம்பி-க்கே திருப்பி வைத்துவிட்டேன். ஆகவே UMA-வைத் தொடவே வேண்டாம் என்பது என் முடிவு.

வேகமானி · நவம்பர் 5, இரவு 8:02

512 எம்பி-யில் எந்த ஆட்டம் ஓடும்? என் பெட்டியில் 512-இல் வைத்தபோது ஒரு ஆட்டம் "வீடியோ மெமரி போதாது" என்று சொல்லித் திறக்கவே மறுத்தது. 4ஜி வைத்ததும் திறந்தது. இது நானே கண்ணால் பார்த்தது.

சாலிடர் · நவம்பர் 5, இரவு 9:17

இருவர் பார்த்ததும் நிஜம்தான். UMA அளவு என்பது கிராஃபிக்ஸுக்கென்று முன்கூட்டியே வேலி போட்டு ஒதுக்கும் இடம். வேலிக்கு வெளியே இருக்கும் ரேமையும் தேவைப்பட்டால் கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் அதை அனுமதிக்கிறது. வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் இருப்பது அதே ஸ்டிக், அதே வேகம். அதனால் வேலியை நகர்த்தி வேகத்தைக் கூட்ட முடியாது.

ஆனால் சில ஆட்டங்கள் வேலிக்குள் இருக்கும் எண்ணை மட்டும் படித்துவிட்டு, போதாது என்று மறுக்கும், அல்லது படத்தின் தரத்தைத் தானே குறைத்துவிடும். வேகமானிக்கு நடந்தது அது. 16 ஜிபி மட்டும் இருக்கும்போது 8-ஐ ஒதுக்கினால் விண்டோஸ் திணறும். தாழ்வாரத்துக்கு நடந்தது அது. 32 ஜிபி ஆன பிறகு 4ஜி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் தொல்லை இருக்காது.

தாழ்வாரம் · நவம்பர் 7, இரவு 11:30

ஸ்டிக் வந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், இதே வேலையைச் செய்யப் போகிறவர்களுக்கு உதவும்.

பெட்டியின் அடியில் நான்கு ரப்பர் கால்கள். அவற்றை உரித்தால் கீழே திருகுகள். மூடியைச் சட்டென்று தூக்கப் போனேன். நல்ல வேளை, ஏதோ தடுத்தது. மூடியின் உள்பக்கம் ஒரு சின்ன விசிறி, அதிலிருந்து நூல் மாதிரி மெல்லிய வயர் போர்டுக்குப் போகிறது. இழுத்திருந்தால் சாக்கெட்டோடு வந்திருக்கும். மூடியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துக்கொண்டே வேலையைப் பார்த்தேன்.

பழைய ஸ்டிக் மேல் ஸ்லாட்டில் இருந்தது, கீழே காலி. புதியதைக் கீழே நுழைக்க வேண்டுமென்றால் மேலே இருப்பதை முதலில் கழற்ற வேண்டும். சாய்வாக நுழைத்து, தங்க நிறப் பட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு உள்ளே போனதும் கீழே அழுத்த வேண்டும். இருபக்கக் கொக்கியும் "டக்" என்று பிடித்துக்கொண்டது.

மூடி, பவர் போட்டேன். விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, டிவியில் "சிக்னல் இல்லை". ஒரு நிமிடம். ஒன்றரை நிமிடம். கை பவர் பட்டனுக்குப் போய்விட்டது. மனைவிதான் "இன்னும் கொஞ்சம் பாரேன்" என்றாள். இரண்டு நிமிடம் தாண்டி லோகோ வந்தது. அடுத்த முறையிலிருந்து வழக்கமான நேரம்தான்.

பிறகு அதே மரத்தடி, அதே இடம், 35 வாட். 1080பி-யில் 57.

வேறு எதையும் மாற்றவில்லை. 65 வாட்டுக்கு ஏற்றினால் 61. இப்போது வாட் கூட்டினால் ஃபிரேமும் கூடுகிறது, கொஞ்சமாக. அந்த நான்கு ஃபிரேமுக்காக இரைச்சலை வாங்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நிழலின் தரத்தை ஒரு படி இறக்கி, 35 வாட்டிலேயே 60-இல் நிறுத்திவிட்டேன்.

நவம்பர் 5-இல் UMA பற்றி நான் எழுதியது அவசர முடிவு. 4ஜி வைத்திருக்கிறேன், ஒரு தொல்லையும் இல்லை.

சாலிடர் · நவம்பர் 8, காலை 9:05

அந்த இரண்டு நிமிடக் கறுப்புத் திரை மெமரி டிரெய்னிங். புது ஸ்டிக்கைப் பார்த்ததும் போர்டு அதன் நேரக் கணக்கைப் பழகிக்கொள்கிறது. டிடிஆர்5-இல் இதற்கு நேரம் அதிகம் ஆகும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பொறுத்தது நல்லது.

இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. சில மினி பிசிக்களில் ரேம் போர்டிலேயே ஒட்டி வரும், எல்பிடிடிஆர்5எக்ஸ் என்று போட்டிருக்கும். பின்னால் மாற்றவோ கூட்டவோ முடியாது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். 7500 வேகம், 128 பிட் என்றால் நொடிக்கு 120 ஜிபி. ஆட்டம்தான் முக்கியம் என்றால் நான் கழற்றிப் போடும் ரேமை விட அதைத்தான் எடுப்பேன், 32 ஜிபி-யாகப் பார்த்து. ஆட்டம் பாதி, மற்ற வேலை பாதி என்றால் யோசிக்க வேண்டியதுதான்.

இரவுப்பறவை · நவம்பர் 8, இரவு 10:40

1080பி-யோடு ஏன் நிறுத்திவிட்டீர்கள்? டிவி 4கே. வெளியீட்டை 4கே-யில் வைத்து, ஆட்டத்துக்குள் எஃப்எஸ்ஆர்-ஐ Performance-இல் போடுங்கள். உள்ளே வரைவது 1080பி, திரையில் தெரிவது 4கே. ஒரே உழைப்பு, நல்ல படம்.

இன்னொன்று: விண்டோஸை விட்டுவிட்டு பாஸைட் போட்டுப் பாருங்கள். நான் ஒரு வருடமாக அதில்தான். பவர் போட்டால் நேராக கன்ட்ரோலரில் ஓட்டும் திரை வந்து நிற்கும். கீபோர்டை எங்கே வைத்தேன் என்றே நினைவில்லை.

தாழ்வாரம் · நவம்பர் 9, மாலை 5:20

இரவுப்பறவை சொன்னதைக் காட் ஆஃப் வாரில் போட்டுப் பார்த்தேன், அதில் எஃப்எஸ்ஆர் இருக்கிறது. உள்ளே வரைவது இரண்டிலும் 1080பி என்றால் ஃபிரேமும் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும் அல்லவா? வரவில்லை. நேர் 1080பி-யில் 43. 4கே வெளியீடு, எஃப்எஸ்ஆர் Performance: 29. படம் கூர்மையாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கோடரியை வீசும்போது கை கனக்கிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

சாலிடர் · நவம்பர் 9, இரவு 9:33

பெரிதாக்குவதற்கும் உழைப்பு உண்டு. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளி. 4கே-யில் சுமார் 83 லட்சம். எஃப்எஸ்ஆர் ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்த 83 லட்சத்தையும் கணக்கிட்டு எழுத வேண்டும். அதற்குப் பிறகு வரும் ஒளிப் பூச்சு, எழுத்து, மெனு எல்லாம் 4கே அளவிலேயே நடக்கிறது. பெரிய கார்டில் இது கண்ணுக்கே தெரியாது. நம்முடையதில் 60 ஃபிரேமுக்கு இருப்பதே ஃபிரேமுக்கு 16.7 மில்லிநொடி, அதில் சில மில்லிநொடியை இதுவே தின்றுவிடும். எழுதுவதெல்லாம் திரும்பவும் அதே குழாய் வழியாகத்தான்.

நடுவழி ஒன்று இருக்கிறது. வெளியீடு 1440பி, எஃப்எஸ்ஆர் Quality. உள்ளே வரைவது 960 வரிதான். போட்டுப் பாருங்கள்.

தாழ்வாரம் · நவம்பர் 9, இரவு 10:50

41. படம் நேர் 1080பி-யை விடக் கொஞ்சம் தெளிவு, சோஃபாவிலிருந்து பார்த்தால் 4கே-யிலிருந்து பிரித்துச் சொல்ல எனக்குக் கஷ்டம். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்கிறேன். மேசை மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

இரவுப்பறவை · நவம்பர் 9, இரவு 11:15

ஒத்துக்கொள்கிறேன். நான் 4கே-யில் ஆடுவதெல்லாம் செலஸ்ட், ஹாலோ நைட் மாதிரி ஆட்டங்கள். அவற்றை 4கே-யில் நேராகவே ஓட்டலாம், எஃப்எஸ்ஆரே தேவையில்லை. கனமான ஆட்டத்தில் அளந்து பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாற்காலி · நவம்பர் 10, மதியம் 2:10

எங்கள் வீட்டில் நான், இரண்டு பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பையன், மொத்தம் நான்கு கன்ட்ரோலர். ஓவர்குக்ட்தான் ஆடுகிறோம். 780எம் எல்லாம் இல்லை, அதற்கு முந்தைய 680எம். ஃபிரேம் பற்றி யாரும் பேசுவதே இல்லை. எங்களுக்கு வந்த சிக்கலே வேறு: "நான் அழுத்தினேன், அவன் எடுக்கவில்லை" என்று தினமும் சண்டை. சின்னவள் பொய் சொல்கிறாள் என்று பெரியவன் சொல்ல, நானும் கொஞ்சம் நம்பிவிட்டேன். அவள் சொன்னதுதான் உண்மை.

காரணம் இரண்டு. டிவி சினிமா நிலையில் இருந்தது. அந்த நிலையில் டிவி படத்தை அழகாக்கிவிட்டுத்தான் காட்டும், அதற்குள் கை அழுத்தியது பழையதாகிவிடும். Game Mode போட்டதும் பாதிச் சண்டை தீர்ந்தது. இன்னொன்று, பெட்டியின் முன்பக்க யூஎஸ்பி 3-இல் வெளி எஸ்எஸ்டி மாட்டியிருந்தேன், பக்கத்திலேயே கன்ட்ரோலரின் குட்டி டாங்கிள். ஆட்டத்தை எஸ்எஸ்டி-யிலிருந்து ஏற்றும் நேரத்தில்தான் கன்ட்ரோலர் விட்டு விட்டுப் போகும். டாங்கிளை ஒரு நீட்டிப்பு வயரில் மாட்டி டிவிக்கு முன்னால் கொண்டுவந்தேன். அதன் பிறகு ஒரு முறைகூட விடவில்லை.

சாலிடர் · நவம்பர் 10, மாலை 7:00

சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கசியும். இன்டெலே 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ப்ளூடூத்தும் அந்த டாங்கிள்களும் அதே அலைவரிசையில்தான் பேசுகின்றன. மினி பிசியில் எல்லாம் ஒரு சாண் இடத்துக்குள் நெருங்கி இருப்பதால் பாதிப்பு கூடுதல். பெட்டியை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் இன்னும் மோசம்.

தாழ்வாரம் · நவம்பர் 10, இரவு 10:25

நாற்காலி சொன்னதைப் படித்துவிட்டு என் டிவியைப் பார்த்தேன். அதே சினிமா நிலை. காட் ஆஃப் வாரில் "கை கனக்கிறது" என்று எழுதினேனே, அதில் ஒரு பங்கு இதுதான். Game Mode-இல் நேர் 1080பி, அதே 43 ஃபிரேம், ஆனால் கோடரி கையிலேயே இருக்கிறது. ஃபிரேம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததில் டிவியை நான் சந்தேகிக்கவே இல்லை.

ஒரு சந்தேகம். 43 என்பது 60-க்குப் போதாது, 30-இல் பூட்டினால் மந்தமாக இருக்கிறது. என் டிவி 120 ஹெர்ட்ஸ். 40-இல் பூட்டலாமா?

இரவுப்பறவை · நவம்பர் 10, இரவு 11:02

பூட்டுங்கள். 120-ஐ 40 சரியாக மூன்றால் வகுக்கும், ஒவ்வொரு ஃபிரேமும் மூன்று முறை நின்று போகும், நடை சீராக இருக்கும். ஃபிரேமுக்கு 25 மில்லிநொடி. 30-இல் 33.3, 60-இல் 16.7. இரண்டுக்கும் சரியாக நடுவில் நிற்பது 40. ஆனால் டிவி நிஜமாகவே 120-இல் ஓட வேண்டும். 60 ஹெர்ட்ஸில் 40-ஐ வைத்தால் ஒரு ஃபிரேம் இரண்டு முறை, அடுத்தது ஒரு முறை என்று குதிக்கும்.

பாஸைட் மாதிரி லினக்ஸ் போட நினைப்பவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள்: எச்டிஎம்ஐ 2.1-ஐ ஏஎம்டி-யின் திறந்த டிரைவரில் சேர்க்க எச்டிஎம்ஐ அமைப்பு 2024-இல் மறுத்துவிட்டது. என் பெட்டியில் எச்டிஎம்ஐ வழியாக 4கே-யில் 60 வரைதான். 1080பி, 1440பி-யில் 120 வருகிறது, இந்தச் சிப்புக்கு நமக்கு வேண்டியதும் அதுதான்.

மூன்றாம் நாற்காலி · நவம்பர் 11, காலை 8:40

எனக்கு 40-க்கும் 60-க்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. 40-இல் காமிராவைத் திருப்பினால் கண் உறுத்துகிறது. தரத்தைக் குறைத்தாவது 60-தான் என் கட்சி.

தாழ்வாரம் · நவம்பர் 12, இரவு 9:55

இரண்டு இரவு 40-இல் ஆடினேன். காட் ஆஃப் வாருக்கு எனக்குப் போதும், கண்ணும் பழகிவிட்டது. மனைவி பார்த்துவிட்டு நாற்காலி பக்கம் சேர்ந்துவிட்டாள். இட் டேக்ஸ் டூவில் குதித்துப் பிடிக்க வேண்டிய இடங்கள் அதிகம், அங்கே 60-ஐ விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை, நானும் வற்புறுத்தவில்லை.

திருப்பிக் கொடுக்க இன்று கடைசி நாள். பெட்டி டிவிக்குக் கீழேயே இருக்கிறது. 780எம்-மை நான் வைத்துக்கொள்வதற்குக் காரணம், நான் ஆடும் ஆட்டங்களும் உட்காரும் தூரமும்தான். ஆலன் வேக் 2-ஐயும் ஒரு மாலை பார்த்தேன். எல்லாவற்றையும் கடைசிப் படிக்கு இறக்கியும் காட்டுக்குள் 30 நிற்கவில்லை, படமும் கலங்கல். அந்த மாதிரி ஆட்டங்களுக்காக வாங்குபவர் இதை வாங்கக் கூடாது, ரேம் எத்தனை போட்டாலும் சரி.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. ஸ்லீப்பில் இருக்கும் பெட்டியைக் கன்ட்ரோலரின் நடு பட்டனால் எழுப்ப முடியவில்லை. ப்ளூடூத்துக்கு ஸ்லீப்பில் மின்சாரமே போவதில்லை போல. எழுந்துபோய்ப் பெட்டியின் பட்டனை அழுத்துகிறேன். யாராவது இதைச் சரி செய்திருந்தால் எழுதுங்கள்.

இரவுப்பறவை · நவம்பர் 12, இரவு 10:30

எனக்கும் வரவில்லை. பயாஸில் யூஎஸ்பி மூலம் எழுப்பும் வசதி இருந்தால், வயர்லெஸ் கீபோர்டின் டாங்கிள் எழுப்புகிறது. கன்ட்ரோலர் எழுப்பவில்லை.

வேகமானி · நவம்பர் 13, காலை 7:35

தாழ்வாரத்தின் 38, 57 இரண்டையும் பார்த்த பிறகு மனம் கேட்கவில்லை. என் பெட்டியிலும் 720பி, 35 வாட் இரண்டையும் செய்தேன். கிளாக் இறங்கியது, ஃபிரேம் இறங்கவில்லை. CPU-Z இன்னும் `2 x 32-bit` என்றுதான் காட்டுகிறது. என்னுடையது 8 ஜிபி ஒற்றை ஸ்டிக், 4800 வேகம். புதிதாக 16 ஜிபி ஒன்று வாங்கிப் பக்கத்தில் போட்டால் போதுமா, இல்லை பழையதை எடுத்துவிட்டு ஜோடியாகவே வாங்க வேண்டுமா?

சாலிடர் · நவம்பர் 13, காலை 8:20

ஜோடியாக வாங்குங்கள். 8-உம் 16-உம் சேர்த்தாலும் ஓடும், ஆனால் மிஞ்சும் பகுதிக்கு ஜோடி கிடையாது, அங்கே மறுபடி ஒற்றைப் பாதைதான். வேகமும் மெதுவான ஸ்டிக்கின் 4800-க்கே இறங்கிவிடும். மூடியைத் தூக்கும்போது அந்த விசிறி வயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.